x√(x+1) தொகையீடு: மூலம் முழுவதையும் u என வைத்தால் விடை பிழைக்கிறது

ஒட்டுசுட்டானில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கிறேன். 0 முதல் 3 வரை x√(x+1) இன் தொகையீட்டில் மூன்று நாள்களாகச் சிக்கி நிற்கிறேன்.

கேள்வியே u = √(x+1) எனப் பிரதியிடச் சொல்கிறது. எனவே x = u² − 1; எல்லைகள் 1, 2 ஆகின்றன. வகையிட்டபோது du = dx/(2u) வந்தது. dx இருந்த இடத்தில் du/(2u) எழுதினேன். மேலிருந்த u வெட்டுப்பட்டு (u² − 1)/2 மிஞ்சியது, விடை 2/3.

இது சரியாக இருக்கவே முடியாது. x = 3 இல் சார்பின் பெறுமானமே 6. கட்டத்தாளில் வரைந்து ஓரலகு அகலச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டினேன்: ஏறத்தாழ 7.88. சரிவகங்களின் மேல்விளிம்பு வளைவுக்குச் சற்று மேலே போகிறது, ஆகவே உண்மைப் பரப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு. மூலத்துக்குள் இருப்பதை மட்டும் t = x + 1 என எடுத்தால் 116/15, அதாவது 7.73 அளவு. அது பொருந்துகிறது. ஆனால் கேட்ட பிரதியீட்டில் செய்தால்தான் புள்ளி.

எல்லைகளை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், பிழை அங்கே இல்லை. ரியூசன் இனிச் சனிக்கிழமைதான்.

அண்ணாமார், அக்காமார், dx ஐ மாற்றிய அந்த வரியில் (u² − 1)·u உடன் எதைப் பெருக்கியிருக்க வேண்டும், ஏன்?