எம்ஓபிக்குக் கீழே விற்றதற்கு சப்ளையை நிறுத்தினார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு மிக்சிக்கடை

வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய பிராண்டின் மிக்சி. எனக்கு அடக்கம் 3,150, பெட்டியில் எம்ஆர்பி 4,995, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று கம்பெனி சொல்லும் விலையான எம்ஓபி 3,800. நான் 3,600க்கு பில் போட்டேன். வாங்கியவர் ஜாடி, பிளேடு எதையும் பார்க்கவில்லை. "கடைசி விலை என்ன, பில்லில் அப்படியே வருமா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த நாள் அந்த பில்லின் போட்டோ ஏரியா மேனேஜரிடமிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. கூடவே ஒரு வரி: "அண்ணா, இனி இப்படின்னா பில்லிங் பிளாக் ஆயிடும்." சொன்னபடியே தீபாவளி நேரத்தில் சரக்கு வரவில்லை, பழைய ஸ்கீம் கிளைமுக்கான கிரெடிட் நோட்டையும் நிறுத்திவிட்டார்கள். என் காசு போட்டு வாங்கிய சரக்கு. நான் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று அவர்கள் எப்படிச் சொல்லலாம்? வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

சேலம் ஏஜென்சி

விலை போடுவது கம்பெனி உரிமை சார். எம்ஆர்பி என்பதே சட்டம்தானே? அதை அச்சடிப்பது அவர்கள், நாம் மீறினால் கேஸ் வரும். எம்ஓபியும் அதே மாதிரிதான்.

முன்னாள் ஏஎஸ்எம்

கம்பெனி பக்கம் இருந்தவன் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஒரு கடைக்காரர் டெமோ கவுண்டர் போட்டு, ஆள் வைத்து மாவு அரைத்துக் காட்டுகிறார். கஸ்டமர் அங்கே எல்லாம் பார்த்துவிட்டு, நாலு கடை தள்ளி 200 ரூபாய் குறைவாக வாங்கிப் போகிறார். அடுத்த மாதம் முதல் கடைக்காரர் டெமோ கவுண்டரை எடுத்துவிடுவார். எங்களுக்கு மேலிருந்து வரும் அழுத்தம் இதற்காகத்தான். பில் வாங்க ஆள் அனுப்பியது நாங்களும் செய்ததுதான், மறைக்கவில்லை.

டெல்லி வக்கீல்

போட்டிச் சட்ட வழக்குகளில் வேலை செய்கிறேன். சேலம் நண்பர் சொல்வதில் பாதி சரி. எம்ஆர்பிக்கு மேலே விற்கக் கூடாது, அது சட்டம். கீழே விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறது: விற்பவர் மறுவிற்பனை விலையை நிர்ணயித்து, அதற்குக் குறைவாகவும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், அது கேள்விக்குள்ளாகும். உச்சவரம்பு வைப்பதில் சிக்கல் இல்லை, தரைவிலை வைப்பதில்தான் சிக்கல்.

ஈரோடு சார் கதையைப் படித்ததும் மாருதி வழக்குதான் நினைவுக்கு வந்தது. 2017இல் ஒரு டீலர் பெயர் போடாமல் அனுப்பிய மின்னஞ்சலில் தொடங்கியது அது. கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கிறார்களா என்று பார்க்க, கஸ்டமர் வேஷத்தில் ஏஜென்சி ஆட்கள் ஷோரூமுக்குப் போவார்கள். பேசுவதைப் பதிவு செய்வார்கள். மாட்டினால் அறிக்கை டீலருக்குப் போகும், விளக்கம் கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் அபராதம், டீலருக்கு மட்டுமல்ல, சேல்ஸ்மேனுக்கும் மேனேஜருக்கும்கூட. அந்தப் பணத்தை எங்கே கட்ட வேண்டும் என்பதையும் கம்பெனியே சொன்னது. "இது டீலர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு" என்று மாருதி வாதாடியது. மின்னஞ்சல்கள் வேறு மாதிரி பேசின. 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி அபராதம் போட்டது, மாருதி மேல்முறையீட்டுக்குப் போனது.

ஈரோடு மிக்சிக்கடை

அப்போ என் கேஸ் ஜெயிச்ச மாதிரிதானே சார்? ஆனால் ஒன்று, என் டீலர் அக்ரிமெண்டில் "டீலர் குறைவான விலைக்கும் விற்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டித் தப்பித்துவிடுவார்களோ?

டெல்லி வக்கீல்

அந்த வரி மட்டும் அவர்களைக் காப்பாற்றாது. இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் என்பது கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டுமல்ல, வாய்ப்பேச்சில் வந்த புரிதலும் அதில் அடங்கும். காகிதத்தில் சுதந்திரம், வாட்ஸ்அப்பில் மிரட்டல் என்றால் வாட்ஸ்அப்பைத்தான் பார்ப்பார்கள். அந்த மெசேஜ், பில்லிங் பிளாக் ஆன தேதி, நிறுத்தி வைத்த கிரெடிட் நோட், மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆனால் ஜெயித்த மாதிரி என்று சொல்ல மாட்டேன். விலைக் கட்டுப்பாடு இருந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதனால் சந்தையில் போட்டிக்குக் கணிசமான பாதிப்பு வந்ததா என்று பார்ப்பார்கள். மாருதியிடம் கார் சந்தையில் ஏறக்குறைய பாதி இருந்தது. உங்கள் மிக்சி கம்பெனிக்கு எவ்வளவு? பத்து பிராண்டுகள் மோதும் இடத்தில் சின்னப் பங்கு வைத்திருக்கும் ஒருவர் தரைவிலை வைத்தால், கஸ்டமர் பக்கத்து பிராண்டுக்குப் போய்விடுவார், ஆணையமும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஏஎஸ்எம் சார் சொன்ன டெமோ கவுண்டர் வாதத்தையும் எடை போடுவார்கள். ஆனால் ஒரு கேள்வி வரும்: டெமோ போடும் கடைக்குத் தனியாக இன்சென்டிவ் கொடுத்தால் போதாதா, எல்லோர் விலையையும் ஏன் பூட்ட வேண்டும்?

ஹூண்டாய் வழக்கையும் மறக்கக் கூடாது. கிட்டத்தட்ட இதே தள்ளுபடிக் கட்டுப்பாடு, 2017இல் 87 கோடி அபராதம். 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. புலனாய்வு அறிக்கையை ஆணையம் அப்படியே எடுத்துக்கொண்டது, ஆதாரத்தைத் தானே எடை போடவில்லை என்பதுதான் காரணம்.

மொபைல் கடை மணி

அமேசானில் என் அடக்கத்தைவிடக் குறைவாக விற்கிறார்கள். இதுவும் இதே பிரிவுதானே? யாராவது அதைக் கேளுங்கள் முதலில்.

டெல்லி வக்கீல்

இல்லை தம்பி. இங்கே பேசுவது மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் விலையைப் பூட்டுவது. நீங்கள் சொல்வது போட்டியாளரே அடக்கத்துக்குக் கீழே விற்பது, அது வேறு கணக்கு. தனித் திரி போடுங்கள்.

மதுரை பெயின்ட் ஸ்டோர்

எனக்கு விலையில் தொல்லை இல்லை. புது கம்பெனி ஒன்று கலர் கலக்கும் டின்டிங் மெஷின் வைக்க வந்தது. பழைய கம்பெனிக்காரர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது மெஷினுக்கு ஏதுண்ணே இடம்?" என்று சிரித்தார். கடையில் இடம் இருந்தது. மறுமாதம் வருடாந்தர டிஸ்கவுண்ட் குறைந்தது, டூர் லிஸ்டில் என் பெயர் இல்லை. புது மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், லிஸ்டில் பெயர் திரும்ப வந்துவிட்டது. எழுத்தில் எதுவுமே இல்லை.

டெல்லி வக்கீல்

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். பெயின்ட் துறையில் இது பழைய சண்டை. ஏஷியன் பெயின்ட்ஸ் மீது போட்டி கம்பெனியான ஜேஎஸ்டபிள்யூ பெயின்ட்ஸ் கொடுத்த புகாரை ஆணையம் விசாரித்து, ஆதாரம் போதாது என்று 2022இல் மூடியது. பிறகு இன்னொரு போட்டி கம்பெனியான கிராசிம் கொடுத்த புகாரில் 2025இல் மறுபடி விசாரணைக்கு உத்தரவிட்டது. டீலருக்குத் தள்ளுபடியும் வெளிநாட்டு டூரும் கொடுத்துத் தன்னிடமே கட்டி வைப்பதாகவும் அதில் குற்றச்சாட்டு இருந்தது. ஒரே பிராண்டு விற்கும் ஒப்பந்தம் தன்னளவில் தவறல்ல. உங்களைப் போன்ற எத்தனை கடைகளை இப்படி மூடி வைத்தார்கள், புதியவருக்கு வேறு வழி இருந்ததா என்பதே கேள்வி. ஒரு கடையின் கதையால் அதைக் காட்டுவது கடினம்.

முன்னாள் ஏஎஸ்எம்

டூர் என்பது ஊக்கத்தொகை சார். வேலை செய்தவருக்குக் கொடுப்பது.

மதுரை பெயின்ட் ஸ்டோர்

அந்த வருஷம் என் விற்பனை கூடித்தான் இருந்தது.

ஈரோடு மிக்சிக்கடை

சரி சார், நான் புகார் கொடுத்தால் நிறுத்தி வைத்த கிரெடிட் நோட் பணம் வருமா?

டெல்லி வக்கீல்

ஆணையம் அதை வாங்கித் தராது. மீறல் என்று முடிவானால், நிறுத்தச் சொல்லும், அபராதம் போடும், அது அரசுக்குப் போகும். நஷ்டஈட்டுக்கு அப்புறம் தனியாகத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். கிளைம் பணம் மட்டும்தான் குறி என்றால் சாதாரண சிவில் வழியே நேரானது. புகார்தான் என்றால், நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கொடுங்கள், 2023 திருத்தத்துக்குப் பிறகு அதுதான் கெடு. உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கக் கோரலாம். ஆனால் ஈரோட்டில் பிளாக் ஆன கடை ஒன்றுதான் என்றால், யார் என்று கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்?

ஈரோடு மிக்சிக்கடை

ஒன்று இல்லை சார். கோபியில் ஒருவர், பவானியில் ஒருவர். இரண்டு பேருக்கும் அதே ஆள்தான் பில் வாங்கியிருக்கிறார். பவானிக்காரர் பயப்படுகிறார், கோபிக்காரரிடம் இன்று பேசுகிறேன்.