தவணை நாளுக்கு முன்பே போகும் முதல் கடிதத்துக்கு என்ன பெயர்?

செவ்வாய்ப்பேட்டை, மென்பொருள் தமிழாக்கம்:
வணக்கம். ஜவ்வரிசி மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளைத் தமிழில் கொண்டுவருகிறோம். பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன்பே போகும் முதல் ரிமைண்டருக்கு ‘நிலுவை அறிவிப்பு’ என்று பெயர் வைத்தேன். வாசகம் இது: “தங்கள் கணக்கில் ரூ.4,12,000 இன்னும் செலுத்தப்படாமல் உள்ளது. ஜூலை 3-க்குள் தவறாமல் செலுத்தவும்.” வாங்குபவர்கள், “நாள் வர்றதுக்குள்ள நோட்டீஸா?” என்று கோபப்படுகிறார்கள். பெயர், வாசகம் இரண்டுக்கும் யோசனை வேண்டும்.

அம்மாப்பேட்டை, தமிழாசிரியர்:
‘நிலுவை’யில் தவறில்லை. மிச்சம் நிற்பது என்றுதான் பொருள். ‘அறிவிப்பு’தான் நோட்டீஸ் மாதிரி ஒலிக்கிறது. ‘நிலுவை நினைவூட்டல்’ என்று மாற்றினால் போதும்.

லீ பஜார், கணக்கர்:
ஐயா, அகராதிப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் கடைவீதியில் நிலுவை என்றால் நாள் தாண்டிய பாக்கிதான். நாள் வராத தொகைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

வாசகத்திலும் அதே கோளாறு. ‘இன்னும்’, ‘செலுத்தப்படாமல்’, ‘தவறாமல்’ மூன்றும் எதிராளி தவறிவிட்டார் என்றே சொல்கின்றன. எழுவாயை மாற்றுங்கள். ‘நீங்கள் கட்டவில்லை’ என்பதை விட்டு, ‘இந்த பில்லுக்கு இந்த நாள்’ என்று எழுதினால் குற்றம் சாட்ட ஆளே இல்லை.

அதைவிட முக்கியம், தொகையும் தேதியும். இந்த பில்லின் விவரத்தை அனுப்புங்களேன்.

செவ்வாய்ப்பேட்டை, மென்பொருள் தமிழாக்கம்:
80 மூட்டை, மூட்டை ரூ.5,150. பில் ஜூன் 3. சரக்கு போய்ச் சேர்ந்தது ஜூன் 6. பேச்சு, சரக்கு சேர்ந்து 30 நாள். 2 மூட்டை ஈரம் என்று கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள்.

லீ பஜார், கணக்கர்:
அப்படியானால் கடிதத்தில் இரண்டுமே பிழை. தவணை நாள் ஜூலை 6; மென்பொருள் பில் தேதியிலிருந்து எண்ணியிருக்கிறது. கழிவு ரூ.10,300 போக, தர வேண்டியது ரூ.4,01,700. கழிவைச் சேர்க்காத தொகை போனால், வாங்குபவரின் கணக்குப்பிள்ளை ‘கணக்கு ஒத்துப்போகல’ என்று பில்லை ஓரமாக வைத்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். எங்கள் ஜூன் 3 தேதியிட்ட பில்லுக்குத் தவணை நாள் ஜூலை 6. 80 மூட்டைக்கு ரூ.4,12,000. ஈரமான 2 மூட்டைக்குக் கழித்தது ரூ.10,300. கழிவு போக ரூ.4,01,700. பில்லும் கழிவுச் சீட்டும் வங்கி விவரமும் இணைப்பில் உள்ளன. எதிலாவது வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள். தவணைக்குள் சரிசெய்து தருகிறோம்.”

இதை ஜூன் 28-இல் அனுப்புங்கள். பல கடைகளில் வாரம் ஒரு நாள்தான் பணம் போடுவார்கள். 8 நாள் முன்னால் போனால் அந்த ஒரு நாள் கட்டாயம் இடையில் வரும். 3 நாள் முன்னால் போனால் தப்பிப்போகலாம். ‘ஏற்கெனவே செலுத்தியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்’ என்ற வரி வேண்டாம். பேங்க் வரவைப் பார்க்காமலே அனுப்புகிறோம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்காடு, மிளகு வியாபாரி:
எனக்கு ஒருத்தர் 2 மாசமா தரலைங்க. இந்தக் கடிதத்தை அனுப்பினா வேலைக்கு ஆகுமா? சிறுதொழில் சட்டத்துல 45 நாள்னு இருக்கே, அதையும் முதல் கடிதத்துலயே போட்டா பயந்து தந்துடுவாங்களே?

லீ பஜார், கணக்கர்:
உங்களுடையது நாள் தாண்டியதுங்க, அதற்கு வேறு கடிதம். 45 நாள் என்பது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் உள்ள உச்ச வரம்பு. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். அதுவும் குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். உத்யம் பதிவு இருந்தாலும், வாங்கி விற்கும் வியாபாரிக்கு 2021 முதல் முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே. நீங்கள் வாங்கி விற்பவரானால் அந்த 45 நாள் விதி உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் முதல் கடிதத்தில் சட்டத்தைக் காட்டினால் அது மிரட்டல்தான்.

அம்மாப்பேட்டை, தமிழாசிரியர்:
‘நிலுவை’யை விட்டுவிடுகிறேன். ‘நினைவூட்டல்’ என்பதும் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்வதுபோலத்தானே? ‘தவணைமுன் குறிப்பு’ எப்படி?

லீ பஜார், கணக்கர்:
‘குறிப்பு’ நன்றாக இருக்கிறது. சீட்டு கட்டுபவர்களுக்குத் தவணை என்றால் மாதாமாதம் கட்டும் பங்கு என்று படும், அது ஒன்றுதான் உறுத்துகிறது. ‘கெடுமுன் குறிப்பு’ அதைவிட மோசம். கெடு வைப்பது என்றாலே மிரட்டல்.

செவ்வாய்ப்பேட்டை, மென்பொருள் தமிழாக்கம்:
இப்போதைக்குப் பட்டியலில் ‘தவணைமுன் குறிப்பு’, கடிதத்தின் தலைப்பில் ‘ஜூன் 3 பில் – தவணை நாள் ஜூலை 6’ என்று மட்டும் போடுகிறேன். நாள் தாண்டிய பிறகு போகும் கடிதத்துக்கு ‘நிலுவை நினைவூட்டல்’ அப்படியே இருக்கட்டும். தவணைக்கு மாற்றாக ‘செலுத்துநாள்’ என்று ஒருவர் தனியே எழுதியிருக்கிறார். லீ பஜாரில் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?