அறைக்குள் யானையும் சோற்றுக்குள் பூசணிக்காயும் ஒன்றா?

வில்லியனூர் புதுசு: புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் "எலிஃபன்ட் இன் தி ரூம் பற்றிப் பேசிவிடலாம்" என்றார். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். எனக்குப் புரியவில்லை. தமிழில் இதை எப்படிச் சொல்வது?

மஞ்சக்குப்பம் மணி: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம்மிடமே இருக்கிறதே தம்பி. யானையை எதற்கு இறக்குமதி செய்ய வேண்டும்?

முத்தியால்பேட்டை அக்கா: இல்லை மணி சார். பூசணிக்காயை மறைப்பவன் பொய் சொல்கிறான், மற்றவர்கள் அவனைப் பிடிக்கிறார்கள். யானை விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நான் கடலூரில் வேலை பார்த்த இடத்தில் சரக்கு தாமதமாகப் போகிறது என்று ஒரு மீட்டிங். நாற்பது நிமிடம் பேக்கிங் டேப், லாரி, லேபிள் பிரின்டர் என்றே ஓடியது. இரவு ஷிப்டில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், அந்த இடத்துக்கு ஆளே எடுக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆள் எடுக்க வேண்டாம் என்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் யானை.

சொன்னதும் "அப்படியா!" என்று யாராவது கேட்டால் அது வெறும் செய்தி. மேசையைப் பார்த்தால் யானை.

பண்ருட்டி பலா: எங்கள் கம்பெனியிலும் ஒரு யானை இருக்கிறது. ஆறு லட்சம் கொடுத்து வாங்கிய மெஷின், தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. பராமரிப்புச் செலவு வேறு.

முத்தியால்பேட்டை அக்கா: அது வெள்ளை யானை அண்ணா, வேறு இனம். ஆனால் அதை வாங்கியது முதலாளி மகன் என்பதால் யாரும் பேச்செடுப்பதில்லை என்றால், இதுவும்தான்!

பண்ருட்டி பலா: மகன் இல்லை, மாப்பிள்ளை.

மஞ்சக்குப்பம் மணி: சரி, வித்தியாசம் இருக்கட்டும். ஆனால் "அறைக்குள் யானை" என்று தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும்? புதுச்சேரியில் யானை என்றால் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி. 2022 நவம்பரில் அது இறந்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்தவன் நான். யானையைக் கண்டு வாயை மூடுகிற ஊரா இது?

முத்தியால்பேட்டை அக்கா: அது நியாயம். நானும் தமிழில் பேசும்போது யானையை இழுப்பதில்லை. "எல்லாருக்கும் தெரிந்ததுதான், நானே சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பிப்பேன். ஒன்று மட்டும் கவனம் தம்பி: மேனேஜர் சொன்னால் அது துணிச்சல், நீங்கள் சொன்னால் குற்றச்சாட்டு மாதிரி கேட்கும். உடல் பருமனானவர் பக்கத்தில் இருந்தால் யானைப் பேச்சே வேண்டாம்.

வில்லியனூர் புதுசு: இன்று விசாரித்தேன். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மார்ச்சோடு விலகுகிறாராம். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

மஞ்சக்குப்பம் மணி: உங்களிடம் மறைத்தார்கள் அல்லவா? அப்போது பூசணிக்காய்தான்.