புதுப்பிப்பு: காணாமல் போன கோப்புறையும் விதிக் கடிதமும்

“எங்கள் ஏரி சுத்தம் செய்யும் குழுவின் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையைக் காணோம். உறுப்பினர்களுக்கு விதிக் கடிதம் எழுதணும், என்ன எழுதலாம்?” என்று கேட்டிருந்தேன்.

உதவிய எல்லோருக்கும் நன்றி. “குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும்” என்றவர் சொன்னது பாதி சரி. எங்கள் தொட்டிகளில் இல்லை. குழுவை விட்டுப் போனவர், தான் உருவாக்கிய கோப்புறையை அழித்திருக்கிறார். அதற்குள் நாங்கள் உருவாக்கிய கோப்புகள் அழியவில்லை, எந்தக் கோப்புறையிலும் சேராமல் கிடந்தன. ஓர் அக்கா சொன்னபடி அவரவர் டிரைவில் இதைத் தேடினோம், வருகைப் பட்டியல் கிடைத்தது:

```
is:unorganized owner:me
```

வாட்ஸ்அப் படங்கள் தொலைந்த கதையைச் சொன்னவருக்கு இது உதவாது, மன்னிக்கவும்.

கடிதத்தில் இரண்டே விதி: கோப்புறைகளைக் குழுவின் பொதுக் கணக்கில் மட்டும் உருவாக்கணும், வேண்டியதை உங்கள் பக்கம் இழுக்காமல் குறுக்குவழி போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: படங்கள் ஏற்றியவரின் கூகுள் கணக்கில் உள்ள 15 ஜிபி இடத்தில்தான் சேர்கின்றன. ஒரு தம்பிக்கு இடம் நிரம்பி மின்னஞ்சல் வருவதே நின்றுவிட்டது. அதற்கு இன்னும் வழி தேடுகிறோம்.