புதுப்பிப்பு: மினி லாரியின் டயர் செலவு

“டீசல், பராமரிப்பு, சம்பளம், காப்பீடு எல்லாம் போட்டாயிற்று; டயருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?” என்று மீன் ஏற்றும் என் மினி லாரியைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன்.

மண்டபம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சொன்னபடி கணக்கிட்டேன்: நான்கு டயருக்கு 18,000 ரூபாய், ஆயுள் 40,000 கிலோமீட்டர் என்றால், மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 1,350 ரூபாய். ஆனால் மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரில் ரிம் விளிம்பு துருப்பிடித்துக் காற்று மெல்ல இறங்குவதால், டயரின் இரு ஓரங்களும் நடுப்பகுதிக்கு முன்பே தேய்ந்துவிடுகின்றன. ஆகவே ஆயுளை 30,000 என்றே கொண்டு 1,800 ரூபாய் ஒதுக்குகிறேன்.

காப்பீட்டில் டயருக்கும் பணம் கிடைக்கும் என்று பதிலில் ஒருவர் எழுதியது பாதிதான் சரி. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் கிடைக்கும், அதுவும் மாற்றும் செலவில் பாதி வரை மட்டுமே. ஓட்டுநரின் பேட்டாவைச் சம்பளத்தில் சேர்ப்பதா, டீசலோடு பயணச் செலவில் எழுதுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.