கூட்டுத்தொகை 71: ஒரே எண்ணுக்கு முதலில் சுருக்கம், பிறகு வளர்ச்சி

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்யும் என் மாமனாருக்கு, கல்லீரலுக்கும் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டு, கீமோ சிகிச்சை நடந்துவருகிறது. அவருடைய சி.டி. ஸ்கேன் அறிக்கைகளில் கட்டிகளின் கூட்டுத்தொகை 71 மி.மீ. என்று இரண்டு முறை வந்தது. முதல் முறை அதை, கட்டிகள் ஓரளவு சுருங்கியிருக்கின்றன என்ற பொருளில் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்' என்றும், மறுமுறை, நோய் வளர்கிறது என்ற பொருளில் 'புரோகிரசிவ் டிசீஸ்' என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே எண்ணுக்கு நேர் எதிரான இரண்டு முடிவுகள் எப்படி வரும் என்று வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த ஸ்கேனில் நான்கு கட்டிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வலது நுரையீரலின் மேல் மடலில் 42 மி.மீ., கல்லீரலில் 28 மற்றும் 20 மி.மீ. என இரண்டு, நெஞ்சின் நடுப்பகுதியில் 18 மி.மீ. அளவுள்ள ஒரு நிணநீர் முடிச்சு, மொத்தம் 108. நுரையீரலில் 6 மி.மீ. அளவில் சில புள்ளிகளும் இருந்தன. அவற்றை ஏன் கூட்டவில்லை என்று மாமனார் கேட்டதற்கு, 10 மி.மீ.க்குக் குறைந்தவற்றை நம்பகமாக அளக்க முடியாது என்பதால் அவற்றைக் கூட்டலில் சேர்ப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம் என்று மருத்துவர் சொன்னார். ஓர் உறுப்பில் இரண்டு, உடல் முழுவதிலும் ஐந்து என்பதே கூட்டலுக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச வரம்பாம்.

முதல் மறுபரிசோதனையில் 30, 18, 12, 11 என்று வந்து மொத்தம் 71 ஆயிற்று. 108இலிருந்து 34 விழுக்காடு குறைவு. 30 விழுக்காடு குறைந்தாலே பார்ஷியல் ரெஸ்பான்ஸ். அடுத்ததில் 26, 15, 10, 8 ஆகி மொத்தம் 59. அதற்கடுத்த ஸ்கேனில் 31, 18, 13, 9 என்று ஏறி மீண்டும் 71. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இப்போதும் 34 விழுக்காடு குறைவுதான். ஆனால் வளர்ச்சியைக் கணக்கிடும்போது தொடக்க அளவைப் பார்ப்பதில்லை. அதுவரை எட்டிய மிகக் குறைந்த கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். 59இலிருந்து 71 என்றால் 12 மி.மீ. கூடுதல், 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. 20 விழுக்காடும் ஏற வேண்டும், அந்த ஏற்றம் குறைந்தது 5 மி.மீ. ஆகவும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தியதால் புரோகிரசிவ் டிசீஸ் என்று எழுதிவிட்டார்கள். சுருக்கத்தைத் தொடக்கத்திலிருந்தும், வளர்ச்சியை அடிமட்டத்திலிருந்தும் அளப்பதுதான் இதன் சூட்சுமம்.

திருப்பூர் உறுப்பினர்:
சகோதரி, என் தந்தையாருக்கு இதே நோய் இருந்தபோது அறிக்கைகளை நானே கணினியில் ஏற்றிக் கணக்கிட்டு வந்தேன். நீங்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், எப்போதும் முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான். இன்னொன்று, நிணநீர் முடிச்சின் அளவைச் சரிபாருங்கள். அறிக்கையில் 24 x 18 என்பதுபோல் இரண்டு அளவுகள் இருக்கும். நுரையீரல் கட்டிக்கு நீளமான அளவைத்தானே எடுக்கிறார்கள். முடிச்சுக்கும் அப்படித்தான் எடுக்க வேண்டும். 18 என்று போட்டிருந்தால் உங்கள் கூட்டுத்தொகை குறைந்துவிடும்.

கோவையிலிருந்து, ஸ்கேன் அறிக்கை எழுதும் மருத்துவர்:
திருப்பூர் நண்பர் சொன்னதில் இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது. இந்த நோயாளிக்கு முந்தைய ஸ்கேனே மிகக் குறைந்ததாகவும் இருந்ததால், இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது. எல்லா நேரமும் அப்படி அமையாது. 59க்குப் பிறகு 65, 70, 75 என்று மெதுவாக ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டால் ஏற்றம் 10 விழுக்காடு, பிறகு 8க்கும் குறைவு, பிறகு 7 என்று வரும். நோய் அடங்கியிருப்பதாகவே தோன்றிக்கொண்டிருக்கும். 59ஐ அடியாக வைத்துப் பார்த்தால், 75 வரும்போது ஏற்றம் 27 விழுக்காடு. மெல்ல ஊர்ந்து வளரும் கட்டியைப் பிடிப்பதற்காகத்தான் அடிமட்டத்தை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

முடிச்சைப் பொறுத்தவரை, சி.டி. படத்தில் தெரியும் அதன் குறுகிய விட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். ஆகவே 18 என்பது சரி. மற்றக் கட்டிகள் உடலில் இருக்கவே கூடாதவை. நிணநீர் முடிச்சு எல்லோருக்கும் இயல்பாகவே இருப்பது. நோயில்லாத முடிச்சும் நீண்டிருக்கலாம், ஆனால் குறுக்கே தடித்திருப்பதில்லை. குறுக்களவு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைக் கூட்டலுக்குத் தேர்ந்தெடுக்கலாம். 10க்குக் கீழே இறங்கிவிட்டால் இயல்பான முடிச்சு என்றே கொள்வோம். அப்படி இயல்புக்கு வந்த பிறகும் அதன் 8 மி.மீ., 9 மி.மீ. அளவுகளைக் கூட்டலில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டேதான் வருவோம். இதனால், மற்றக் கட்டிகள் எல்லாம் மறைந்து போனாலும் கூட்டுத்தொகை பூஜ்யம் ஆகாமல் இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இவை எல்லாம் ரெசிஸ்ட் எனப்படும் விதிமுறையில் உள்ளவை. 2000ஆம் ஆண்டு வந்தது. இப்போது பயன்படுத்தும் 1.1 வடிவம் 2009இல் வெளியானது. முதல் வடிவத்தில் பத்துக் கட்டிகள் வரை கூட்டினார்கள். அது ஐந்தாகக் குறைக்கப்பட்டதும், முடிச்சுக்குக் குறுக்களவு என்று வகுக்கப்பட்டதும், 5 மி.மீ. நிபந்தனை சேர்ந்ததும் இரண்டாவது வடிவத்தில்தான். கூட்டுத்தொகை 20 மி.மீ.க்கு இறங்கிவிட்டவருக்கு 20 விழுக்காடு என்பது வெறும் 4 மி.மீ.; அளப்பவரின் கை சற்று இப்படி அப்படிப் போனாலே அவ்வளவு மாறிவிடும்.

பெருந்துறையிலிருந்து ஒரு பெரியவர்:
அம்மிணி, ஒரு சந்தேகம். 34 விழுக்காடு சுருங்கிவிட்டது என்றால், நான்காம் நிலையில் இருந்தவர் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? என் மைத்துனரின் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கோவை மருத்துவர்:
இல்லை ஐயா. நிலை என்பது நோய் கண்டறியப்பட்டபோது அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைக் குறிக்கிறது. கட்டி சுருங்குவதால் அது மாறுவதில்லை. இந்தக் கூட்டல், இப்போது கொடுக்கும் மருந்துக்குக் கட்டி மசிகிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது.

பொள்ளாச்சி உறுப்பினர்:
என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியிருந்தது. மருந்து மாற்றிய சில மாதங்களில் எடுத்த ஸ்கேனில், முன்பு தெரியாத வெள்ளைப் புள்ளிகள் எலும்பில் தெரிந்ததால் நோய் வளர்ந்துவிட்டது என்று அறிக்கை வந்தது. ஆனால் அவருடைய முதுகுவலியோ பாதியாகக் குறைந்திருந்தது. சிகிச்சை தரும் மருத்துவர் அவசரப்படாமல் அதே மருந்தைத் தொடர்ந்தார். அடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. எலும்புக்கு இந்தக் கூட்டல் கணக்கு எப்படி?

கோவை மருத்துவர்:
எலும்பில் வெண்மையாகத் தெரியும் பகுதிகளைக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை. எலும்பை அரித்து, அதையொட்டி 10 மி.மீ.க்குக் குறையாத சதைக் கட்டி வளர்ந்திருந்தால் மட்டும் அந்தக் கட்டியை அளப்போம். உங்கள் அண்ணிக்கு நடந்ததைப் போல, எலும்பு ஆறும்போது அந்த இடம் வெளுப்பதால், முன்பே இருந்து கண்ணில் படாத புள்ளிகள் புதியவைபோலத் தெரிவதுண்டு. புதிய கட்டி ஒன்று உறுதியாகத் தெரிந்தால், கூட்டுத்தொகை எவ்வளவு குறைந்திருந்தாலும் அது வளர்ச்சிதான். ஆகவேதான், எலும்பில் தெரிவது உண்மையிலேயே புதியதுதானா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வருகிறது.

மூலப் பதிவிட்ட சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மாமனாரின் கணக்கு விளிம்பில் நிற்கிறது. கடைசி ஸ்கேனில் நான்கில் ஒன்று 1 மி.மீ. குறைவாக அளக்கப்பட்டிருந்தால் மொத்தம் 70, ஏற்றம் 18.6 விழுக்காடு, அறிக்கையில் பார்ஷியல் ரெஸ்பான்ஸ் தொடர்கிறது என்றே வந்திருக்கும். நான்கு ஸ்கேன்களையும் ஒரே மருத்துவர் அளந்தாரா, டை ஊசி போட்டுத்தான் எல்லாம் எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். கல்லீரல் கட்டியின் ஓரம், ஊசி போட்ட பிறகு எந்த நேரத்தில் படம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தெளிவாகவோ மங்கலாகவோ தெரியும். ஒருமுறை, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று ஊசி இல்லாமல் எடுத்துவிட்டால், அந்த அளவை மற்றவற்றோடு ஒப்பிடுவதே கடினம்.

மூலப் பதிவர்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கிறது. கடைசி ஸ்கேனுக்கு மட்டும் வேறொரு மருத்துவர் அறிக்கை எழுதியிருந்தார். எல்லா முறையும் டை ஊசி போட்டிருந்தார்கள். கீமோ கொடுக்கும் மருத்துவர், பழைய மூன்று ஸ்கேன்களின் குறுந்தகடுகளையும் கொண்டுவரச் சொல்லி, முன்பு அளந்தவரையே நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அளக்கச் செய்தார். திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். கல்லீரலில் இருந்த சிறிய கட்டியின் ஓரத்தில் ஒரு மங்கலான வளையம் தெரிந்தது. முன்பு அந்த வளையத்தைச் சேர்க்காமல் உள்ளே இருந்த கருத்த பகுதியை மட்டும் அளந்திருந்தார்கள், இந்த முறை அதையும் சேர்த்து 13 என்று போட்டிருக்கிறார்கள். பழைய முறையில் அளந்தால் 12. மற்ற மூன்றிலும் மாற்றம் இல்லை; மொத்தம் 70.

ஆனால் 70 என்பதால் நிம்மதி அடைய வேண்டாம் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு கட்டிகளும் ஒரே திசையில் ஏறியிருக்கின்றன. ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் அளவைப் பிழை என்று தள்ளலாம், இதை அப்படித் தள்ள முடியாது என்றார். மாமனார் நன்றாகச் சாப்பிடுகிறார், இருமல் கூடவில்லை, புதிய கட்டி எதுவும் இல்லை. அதனால் இப்போதைய மருந்தையே தொடர்ந்து, வழக்கத்தைவிட முன்னதாக, ஆறு வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறார்.

பொள்ளாச்சி உறுப்பினர்:
அண்ணிக்குப் பொறுத்தது நல்லதாயிற்று என்று எழுதியவளே நான்தான். ஆனாலும் உங்கள் மாமனார் விஷயத்தில் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. எங்களுக்கு வலி குறைந்திருந்தது. உங்களுக்கு நான்கும் வளர்ந்திருக்கிறது. 1 மி.மீ.க்காக ஆறு வாரம் காத்திருப்பதைவிட, உடலில் தெம்பு இருக்கும்போதே அடுத்த மருந்துக்குப் போவது நல்லதல்லவா?

கோவை மருத்துவர்:
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த விதிமுறை, மருந்து ஆய்வுகளில் எல்லோரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதற்காக எழுதப்பட்டது. ஆய்வில் சேர்ந்தவராக இருந்தால், 71 என்ற எண்ணே பெரும்பாலும் அந்த மருந்தை நிறுத்திவிடும். மருத்துவரின் அறையில் அந்தக் கட்டாயம் இல்லை. இருக்கும் மருந்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவதும் ஓர் இழப்புதான். அடுத்து என்ன மருந்து கையில் இருக்கிறது, அதை அவர் உடல் தாங்குமா என்பதெல்லாம் தெரியாமல் நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஆறு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனை 59ஓடுதான் ஒப்பிட வேண்டும், 70ஓடு அல்ல. அறிக்கை எழுதுபவரின் கையில் 59 வந்த அந்த ஸ்கேனின் குறுந்தகடும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.