வாராவாரம் கூலன்ட் குறைகிறது. மற்ற டப்பாக்களில் எவ்வளவு இருந்தால் சரி?

கலைவாணி, வேலூர்

எங்கள் கார் 2016 மாடல், பெட்ரோல், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை கணவர் கவனித்துவந்தார். அவர் வெளியூர் வேலைக்குப் போனபின் ஞாயிறுதோறும் நானே பானெட்டைத் திறந்து பார்க்கிறேன். முதல் வாரம் கூலன்ட் மேல் கோட்டில் இருந்தது. நான்காவது வாரம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்துவிட்டது. அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிரேக் ஆயிலும் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. எஞ்சின் ஆயில் ஒரு வாரம் நிறையக் காட்டுகிறது, மறுவாரம் குறைவாகக் காட்டுகிறது. எதை ஊற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம்? இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிற வண்டி என்பதால் கேட்கிறேன்.

பிரபு, கோவை

எஞ்சின் ஆயிலை வண்டி ஓட்டிவந்த கையோடு பார்க்காதீர்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய நேரம் வேண்டும். பிரேக் ஆயில் குறைந்தால் உடனே மேல் கோடுவரை ஊற்றிவிடுங்கள், அதில் யோசனையே வேண்டாம். கூலன்ட் இந்த வெயிலுக்கு ஆவியாகத்தான் செய்யும். தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர், தாம்பரம்

எங்கள் வண்டியிலும் இதே பிரச்சினை. நிறுத்தினால் இடப்பக்கம் அடியில் தண்ணீர் தேங்குகிறது. மெக்கானிக் ஏ.சி. தண்ணீர் என்று சொல்லிவிட்டார். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ராமசாமி, நாமக்கல்

31 வருடம் பட்டறையில் இருந்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்தர் அம்மா, உங்கள் வண்டியில் சொட்டுவது ஏ.சி. தண்ணீர்தான். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாவிட்டால் கவலை இல்லை. கலைவாணி அம்மா சொல்வது வேறு. அவர் வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை, ஆனால் டப்பாவில் குறைகிறது.

முதலில் ஆயில். இரவு முழுவதும் சமதரையில் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் குச்சியை உருவுங்கள். முதல் தடவை தெரிவது கணக்கில்லை. துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் எங்கே நின்றாலும் போதுமானது. பல சிறிய கார்களில் அந்த இரண்டு குறிகளுக்கும் இடைவெளி ஒரு லிட்டர் அளவில்தான் இருக்கும். பாதியில் நிற்கும்போது ஒரு லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தால் மேல் குறியைத் தாண்டிவிடும். அதிகமான ஆயில் உள்ளே கடைபட்டு நுரைக்கும், அதுவும் கெடுதல்தான். உங்கள் வண்டி சாய்வில் நிற்கிறதா? வாரத்துக்கு ஒரு அளவு காட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பிரேக் ஆயில் விஷயத்தில் பிரபு தம்பி சொன்னது பாதிதான் சரி. பிரேக் பேட் தேயத் தேய, சக்கரத்தில் இருக்கும் பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். பல மாதங்களில் மெல்ல இறங்குவது பேட் தேய்கிறது என்பதற்கு அடையாளம். அதை ஊற்றி மறைத்துவிட்டால், புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே என்றால் தொடாதீர்கள். ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினாலோ, கீழ்க் கோட்டைத் தொட்டாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ வண்டியை எடுக்கவே கூடாது. எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

கூலன்ட் வெயிலுக்கு ஆவியாகிப் போகாது, அது மூடிய சுற்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் அளவு சரி. ஆனால் நான்கு வாரத்தில் மேலிருந்து பாதிக்கு வந்திருப்பது இயல்பில்லை. தரையில் ஈரம் இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. சூடான இரும்பின்மேல் கசிகிற துளி அங்கேயே காய்ந்துவிடும், தரைவரை வராது. ஆனால் நிறமுள்ள உப்பு போன்ற பொருக்கை விட்டுச்செல்லும். டார்ச் வைத்து ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். டப்பாவில் காகித டேப் ஒட்டி, வாராவாரம் தேதியுடன் கோடு போடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வைப்பர் தண்ணீருக்கு அளவு கிடையாது, நிறைத்து வைத்தால் போதும். அந்த டப்பாவையும் கூலன்ட் டப்பாவையும் மாற்றி ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஊற்றுங்கள். பேட்டரி திறக்கிற வகையாக இருந்தால் உள்ளே தட்டுகள் மூழ்கியிருக்க வேண்டும், குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஸ்டீயரிங் ஆயில் டப்பா உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சார ஸ்டீயரிங் என்றால் இருக்காது.

ஷாகுல், நாகர்கோவில்

ஐயா, என்னுடையது டீசல் வண்டி. ஆயில் மாற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது, குச்சியில் தார் போலக் கறுப்பாக வருகிறது. அளவு சரியாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ராமசாமி, நாமக்கல்

டீசலில் கரி சேர்ந்து ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும் தம்பி. நிறத்தை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் மட்டும் வண்டியை நிறுத்திவிடுங்கள். கூலன்ட் உள்ளே கலந்திருக்கலாம்.

பிரபு, கோவை

பிரேக் ஆயில் விஷயம் எனக்குத் தெரியாது, திருத்தியதற்கு நன்றி ஐயா. ஆனால் கூலன்ட் இவ்வளவு குறைந்தால் கேஸ்கட் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் மாமா வண்டியில் அப்படித்தான் ஆனது.

கலைவாணி, வேலூர்

ராமசாமி ஐயா, வாசலில் உள்ள சாய்வில்தான் வண்டி நிற்கிறது. நேற்று இரவு தெருவில் சமதரையில் நிறுத்தி, காலையில் பார்த்தேன். இரண்டு குறிகளுக்கும் சரியாக நடுவில். இன்றும் அதே இடம்தான்.

டார்ச் வைத்து அரை மணி நேரம் தேடினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் எஞ்சினில் சேருகிற இடத்தில், கிளாம்புக்கு அடியில், இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு இருந்தது. நகத்தால் சுரண்டினால் சர்க்கரைத் துகள் போல உதிர்கிறது. எங்கள் கூலன்டும் அதே நிறம். ஆயில் மூடியின் உட்புறத்தையும் பார்த்தேன், பால் நிறம் எதுவும் இல்லை.

ராமசாமி, நாமக்கல்

நல்ல கண்டுபிடிப்பு அம்மா. பிரபு தம்பி சொன்ன கேஸ்கட்டை அந்த மூடியை வைத்து மட்டும் விலக்க முடியாது. ஆனால் பொருக்கு இருக்கும்போது முதலில் அங்கேதான் போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் கிளாம்பை மாற்றச் சொல்லுங்கள், ஹோஸின் வாய் வெடித்திருந்தால் ஹோஸையும் சேர்த்து. பிறகு ரேடியேட்டரில் பம்ப் பொருத்தி அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் கேஸ்கட்டைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். நிரப்பும்போது உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள வகைதான் வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும்.

கலைவாணி, வேலூர்

கிளாம்பு மாற்றி 3 வாரம் ஆகிறது. அழுத்தச் சோதனையில் முள் இறங்கவில்லை. டேப்பில் முதல் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இன்று காலைக் கோடு மட்டும் ஒரு நூல் கீழே இருக்கிறது. உள்ளே இருந்த காற்று வெளியேறியதால் இருக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார், வாட்டர் பம்பையும் பார்த்துவிடலாம் என்கிறார். பம்பின் அடியில் பொருக்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு கோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை மலைப்பாதைக்குப் போகவில்லை.